பழைய லேப் உதவியாளர் எழுதிவைத்த குறிப்பு புரியவில்லை, நான்கு சிஸ்டம் நிற்கிறது

குடியாத்தம் லேப்:
அவசரம். பள்ளி கம்ப்யூட்டர் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது ஒரு நோட்டில் எந்த சிஸ்டத்துக்கு என்ன கோளாறு வரும், என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். 5, 7, 11, 12 நான்குக்கும் "F1 மட்டும். F2 கூடாது. IDE. F10" என்று இருக்கிறது. இப்போது அந்த நான்கும்தான் விண்டோஸ் லோகோ வந்ததும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கின்றன. திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு பிராக்டிகல். என்ன செய்வது?

ஆற்காடு சர்வீஸ்:
ராம் காண்டாக்ட். கழற்றி, பென்சில் ரப்பரால் பித்தளை மாதிரி இருக்கும் பகுதியைத் தேய்த்து, துணியால் துடைத்துப் போடுங்கள். நம் பக்கத்துத் தூசிக்கு வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும்.

பிசிக்ஸ் டீச்சர், வாலாஜா:
சார், எங்கள் லேபிலும் இதே தொல்லை. கால்வனோமீட்டர் முள் ஒரு பக்கமாகவே நிற்கிறது. போன உதவியாளர் எதையும் எழுதி வைக்காமல் போய்விட்டார். உங்களுக்காவது ஒரு நோட்டு கிடைத்ததே.

பாலாற்றங்கரை:
டீச்சர், அவர் கேட்பது கம்ப்யூட்டர் லேப். கால்வனோமீட்டருக்குத் தனியாக ஒரு இழை போடுங்கள், சொல்கிறேன்.

குடியாத்தம் தம்பி, மூன்று விஷயம் தேவை. எந்த விண்டோஸ்? ரீஸ்டார்ட் ஆவதற்கு முன் நீலத்திரை மின்னி மறைகிறதா? ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா? நோட்டில் இருப்பதையும் சுருக்காமல் அப்படியே போடுங்கள்.

பழைய கை:
கேள்வி கேட்கவே தெரியாதவர்களை லேபில் உட்கார வைத்தால் இப்படித்தான். எரர் கோடு இல்லாமல் வந்து "அவசரம்" என்கிறார். ஃபார்மட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போடு தம்பி, ஒரு நாள் வேலை.

பாலாற்றங்கரை:
ஐயா, அதில் பிள்ளைகளின் பிராஜெக்ட் ஃபைல்கள் இருக்கும். ஃபார்மட் வேண்டாம். லோகோ வரும் முன் F8 தட்டி, "Disable automatic restart on system failure" தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நீலத்திரை நிற்கும், எண்ணைப் படிக்கலாம்.

குடியாத்தம் லேப்:
விண்டோஸ் 7. நீலத்திரையில் 0x0000007B. கறுப்புத் திரையில் இது வந்தது:

```
CMOS Date/Time Not Set
Press F1 to Run SETUP
Press F2 to load default values and continue
```

பிள்ளைகள் F2 அழுத்தியிருக்கிறார்கள். மற்ற சிஸ்டங்களில் இந்தத் திரை வருவதில்லை. நோட்டில் அந்த வரிக்கு மேலே தலைப்பாக "முழு நாள் கரண்ட் இல்லையென்றால் மறுநாள்" என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் "மெயினை அணைக்க வேண்டாம்" என்று அடிக்கோடு. ஆனால் எச்.எம். சொன்னதால் இந்த மாதம் முதல் தினமும் மாலையில் மெயினை அணைக்கிறோம்.

பாலாற்றங்கரை:
அந்தத் தலைப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

போர்டில் காசு போல ஒரு செல் இருக்கும், CR2032. கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பது அதுதான். மெயின் ஆனில் இருக்கும்வரை, சிஸ்டத்தை ஷட்டவுன் செய்தாலும், எஸ்எம்பிஎஸ்-இலிருந்து கொஞ்சம் கரண்ட் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். செல் செத்திருந்தாலும் தெரியாது. மின்வாரியம் பராமரிப்புக்காக ஒரு நாள் முழுக்க நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும். அந்தப் பெரியவர் அதைத்தான் எழுதியிருக்கிறார். நீங்கள் தினமும் மெயினை அணைப்பதால் அவருக்கு எப்போதாவது வந்தது உங்களுக்குத் தினமும் வருகிறது.

இனி F2. அது செட்டிங்கைப் பழைய தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் போர்டில் அந்த நிலை AHCI ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் 7-ஐ IDE நிலையில் நிறுவியிருக்கிறார்கள். ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறை மாறியதும் விண்டோஸால் தன் டிஸ்க்கையே படிக்க முடியவில்லை. 7B என்றால் அதுதான். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, ராமிலும் பழுதில்லை.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: F1 அழுத்தி உள்ளே போங்கள். தேதி, நேரம் சரிசெய்யுங்கள். SATA Mode என்ற வரியைத் தேடி IDE ஆக்குங்கள். F10 அழுத்திச் சேமியுங்கள். தேதியை விட்டுவிட்டால் விண்டோஸ் திறந்தாலும் எமிஸ் போன்ற தளங்களில் NET::ERR_CERT_DATE_INVALID என்று நிற்கும்.

ஆற்காடு சர்வீஸ்:
சரி, இங்கே ராம் இல்லை. ஆனால் பீப் அடித்துத் திரை கறுப்பாகவே இருந்தால் ரப்பர்தான், அதை நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றும் முன் வோல்டேஜ் பாருங்கள். மல்டிமீட்டரை டிசி 20-இல் வைத்து, புது செல் 3-க்குச் சற்று மேலே காட்டும். 2.7-க்குக் கீழே போனால் தூக்கிப் போடுங்கள். பவர் கார்டை முழுக்க உருவிவிட்டுக் கழற்றவும். + எழுத்து மேலே வர வேண்டும். லாங் பஜாரில் பொட்டலமாகக் கிடைக்கும் விலை குறைந்த செல்லை வாங்காதீர்கள், அட்டையில் அடைத்து வருவதை வாங்குங்கள்.

ஆம்பூர் பில்லிங்:
செல் மாற்றுவதற்குப் பதில் மெயினை ஆனிலேயே விட்டால் போதாதா? எங்கள் கடையில் அப்படித்தான்.

பழைய கை:
மே மாதம் வேலூரில் சாயங்காலம் இடி இறங்கினால் உங்கள் எஸ்எம்பிஎஸ் போகும், அப்போது தெரியும். ஸ்கூலில் ராத்திரி ஆள் கிடையாது. ஒயர் சூடேறினால் யார் பார்ப்பது? எச்.எம். சொன்னதுதான் சரி.

ஆம்பூர் பில்லிங்:
அந்த லேப் உதவியாளர் இத்தனை வருஷம் ஆனிலேயே வைத்து ஓட்டியிருக்கிறாரே ஐயா. நாற்பது ரூபாய் செல்லுக்குக்கூட பில் பாஸ் ஆகாத இடத்தில் அவர் வேறு என்ன செய்வார்?

பழைய கை:
செல்லுக்கு வழியில்லை என்றால் அதை நோட்டில் எழுதியிருக்க வேண்டும். "மெயினை அணைக்க வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் வருகிறவருக்குக் காரணம் எப்படித் தெரியும்?

பாலாற்றங்கரை:
காரணம் எழுதியிருக்கலாம், உண்மைதான். ஆனால் எண்ணோடு, எந்த நாளில் வரும் என்பதோடு எழுதியிருக்கிறார். அதனால்தான் ஊரில் உட்கார்ந்துகொண்டே நம்மால் கண்டுபிடிக்க முடிந்தது. செல்லை மாற்றுங்கள், மெயினையும் அணையுங்கள், இரண்டும் ஒத்துப்போகும்.

இன்னொன்று. நாளைக்கு யாராவது மறுபடி F2 அழுத்தினாலும் சிஸ்டம் நிற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. IDE-இல் விண்டோஸ் திறந்திருக்கும்போதே அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடியுங்கள்:

```
reg add HKLM\SYSTEM\CurrentControlSet\services\msahci /v Start /t REG_DWORD /d 0 /f
```

பிறகு பயாஸில் AHCI ஆக்கினால் விண்டோஸ் தானே டிரைவரை ஏற்றிக்கொண்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் கேட்கும். அதன்பின் தொழிற்சாலை நிலையும் விண்டோஸும் ஒன்றாகிவிடும். முதலில் ஒரு சிஸ்டத்தில் மட்டும் செய்து பாருங்கள். பிராக்டிகல் முடிந்த பிறகு செய்தால் போதும்.

பிசிக்ஸ் டீச்சர், வாலாஜா:
கால்வனோமீட்டருக்கு இழை போட்டிருக்கிறேன் சார்.

குடியாத்தம் லேப்:
நான்கும் திறந்துவிட்டன. பிராக்டிகல் நடந்தது. பழைய செல்கள் எல்லாம் 2.3, 2.1 என்று காட்டின, மாற்றிவிட்டேன். 5, 7, 11 மெயின் அணைத்தாலும் மறுநாள் நேரம் சரியாக இருக்கிறது. 12 மட்டும் புது செல் போட்டும் நேரத்தை மறக்கிறது. ரெஜிஸ்ட்ரி இன்னும் தொடவில்லை.

பாலாற்றங்கரை:
12-இல் செல்லுக்குப் பக்கத்தில் மூன்று பின் உள்ள ஜம்பர், CLRTC அல்லது CLR_CMOS என்று எழுதியிருக்கும். தொப்பி எந்த இரண்டு பின்னில் இருக்கிறது என்று 11-ஓடு ஒப்பிடுங்கள். இடம் மாறியிருந்தால் எந்த செல் போட்டாலும் நேரம் நிலைக்காது. ஜம்பர் சரியாக இருந்தால், இப்போது அந்தப் புது செல்லின் வோல்டேஜ் என்ன? இறங்கியிருந்தால் போர்டே கரண்டை உறிஞ்சுகிறது.

ஆற்காடு சர்வீஸ்:
செல் ஹோல்டரின் பக்கவாட்டுக் கம்பி வளைந்து தளர்ந்திருந்தாலும் இப்படி வரும். அதையும் பாருங்க தம்பி.

பாலாற்றங்கரை:
தம்பி, 12 என்ன ஆனது?