திருத்திய பிறகும் பழைய தொகை வந்து மானத்தை வாங்கிய அனுபவம் உண்டா?

வைட்ஃபீல்டு வாசி

டீலர் பாக்கி அறிக்கையில் கிரெடிட் நோட்டைக் கழிக்காமல் கூட்டியிருந்தோம். ஒருவருக்கு பில் 4,00,000, கிரெடிட் நோட் 12,600. வரவேண்டியது 3,87,400, வந்தது 4,12,600. ஒரே ஒரு கழித்தல் குறிதான். காலை 11.40க்குத் திருத்தி ஏற்றிவிட்டேன்.

பீன்யா கிடங்கில் கணக்குப் பார்க்கும் அக்கா சேலத்துக்காரர். போன் செய்தார். "தம்பி, அதே தொகைதான் காட்டுது." என் திரையில் 3,87,400. Ctrl+F5 அழுத்தச் சொன்னேன். அழுத்திவிட்டு 'காட்டு' பட்டனைத் தட்டினார். 4,12,600. இன்னொரு தடவை. அதே. பின்னால் டீலரின் குரல் கேட்டது: "உங்க ஆபீஸ்ல ஒரு தொகை, இங்க ஒரு தொகை. நான் எதைக் கட்டட்டும்?" அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

மதியம் மெட்ரோ பிடித்து, மெஜஸ்டிக்கில் மாறி, நேரிலேயே போனேன். அவர் குரோமில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால், அந்த அழைப்புக்கு நேரே அளவு காட்டும் இடத்தில் disk cache என்று இருக்கிறது. அதாவது, கேள்வி சர்வருக்கு வரவே இல்லை. பதிலோடு நாங்களே அனுப்பிய வரி இதுதான்:

```
Cache-Control: max-age=86400
```

86,400 வினாடி, ஒரு முழு நாள். அறிக்கை மெதுவாக வருகிறது என்று முன்பு யாரோ போட்டது. அக்கா காலை 10.50க்கு ஒரு தடவை திறந்திருக்கிறார். ஆக, மறுநாள் 10.50 வரை பிரவுசர் அதையேதான் எடுத்துக் கொடுக்கும். Ctrl+F5 ஏன் உதவவில்லை? பக்கம் ஏறும்போது போகும் அழைப்புகளைத்தான் அது புதிதாகக் கொண்டுவரும். 'காட்டு' தட்டிய பிறகு தனியாகப் போகும் அழைப்புக்கு அது பொருந்தாது.

என் திரையில் மட்டும் சரியாக வந்ததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். நான் எப்போதும் டெவ்டூல்ஸைத் திறந்தே வைத்திருப்பவன். அதில் Disable cache என்ற கட்டத்தில் எந்தக் காலத்திலோ போட்ட டிக் அப்படியே இருக்கிறது.

செம்பூர் ஆள்

இதற்கா மெட்ரோ ஏறினீர்கள்? சர்வரில் `no-cache` என்று மாற்றினால் தீர்ந்தது. பிரவுசர் எதையும் சேமிக்காது. நாங்கள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போட்டிருக்கிறோம், ஒரு தொல்லையும் இல்லை.

வைட்ஃபீல்டு வாசி

அதைத்தான் முதலில் செய்தேன், அக்காவின் மேஜையில் உட்கார்ந்தபடியே. மாற்றிவிட்டுத் தட்டினால் 4,12,600. புது வரியைப் படிக்க பிரவுசர் சர்வரிடம் வந்தால்தானே! ஒரு நாள் வரைக்கும் கேட்க வேண்டாம் என்று முன்பே சொல்லி அனுப்பிவிட்டோம். இந்த வரியை மாற்றி அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. கடைசியில் அழைக்கும் முகவரியையே மாற்றினேன். அதன் நுனியில் `?v=2` சேர்த்ததும் பிரவுசருக்கு அது வேறு பொருள். உடனே 3,87,400. டீலர் அதற்குள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாதுங்கா மாமி

எங்கள் சொசைட்டி ஆப்பிலும் இதேதான்! பராமரிப்புப் பணம் கட்டி மூன்று நாள் ஆயிற்று, இன்னும் பாக்கி என்றே காட்டுகிறது. கேஷ் அழித்துப் பார்த்தேன், ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. செகரட்டரியிடம் சொன்னால் "டெக்னிகல்" என்று கையை விரிக்கிறார். இதற்கும் `?v=2` போடலாமா?

ஆர்.கே.புரம்

மாமி, மறுபடி போட்ட பிறகும் பாக்கி என்றால் உங்கள் போன்மேல் குற்றம் இல்லை. உங்கள் பணத்தை அவர்கள் இன்னும் வரவு வைக்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. ரசீது எண்ணை எழுதிக் கொடுங்கள்.

செம்பூர்க்காரரே, `no-cache` என்றால் சேமிக்காதே என்று பொருள் இல்லை. சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்பதுதான். சேமிக்கவே கூடாது என்றால் `no-store`. இந்த வித்தியாசத்தில்தான் நான் டெல்லியில் இரண்டு நாள் தூங்கவில்லை.

எங்கள் சம்பள அறிக்கைக்கு `no-cache` இருந்தது. பிரவுசர் ஒழுங்காக வந்து, என்னிடம் இருக்கும் பிரதி இன்னும் செல்லுமா என்று கேட்கும். செல்லுமா என்று முடிவுசெய்ய ஒரு ETag, அதாவது பதிலுக்கு நாங்கள் ஒட்டும் ஒரு அடையாளச் சீட்டு. அதை எதை வைத்து உருவாக்கியிருந்தோம் தெரியுமா? சம்பள அட்டவணை கடைசியாக மாறிய நேரத்தை வைத்து. நான் திருத்தியது கணக்குப் போடும் வழியை. அட்டவணையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதனால் சீட்டு அதேதான். சர்வர் 304 என்று பதில் சொல்லும், பிரவுசர் பழைய மொத்தத்தைக் காட்டும். கேட்டவரும் ஒழுங்கு, சொன்னவரும் ஒழுங்கு, தொகை மட்டும் தப்பு.

பிடிபட்டது சர்வர் பதிவில்தான். முதல்முறை திறந்தவர்களுக்கு எல்லாம் 200. ஏற்கெனவே பார்த்தவர்கள் வரிசையாக 304, 304, 304. புகார் கொடுத்த அத்தனை பேரும் இரண்டாவது வகை. சீட்டில் நிரலின் பதிப்பு எண்ணையும் சேர்த்த பிறகுதான் அடங்கியது.

செம்பூர் ஆள்

அது உங்கள் ETag கோளாறு, `no-cache` கோளாறு இல்லை. நான் சொன்னது சரிதான்.

ஆர்.கே.புரம்

"எதையும் சேமிக்காது" என்றீர்களே, அதைச் சொன்னேன்.

தாராவி டு அந்தேரி

நீங்கள் இருவரும் பிரவுசரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். என்னுடையது சர்வர் பக்கம். கிளை வாரியான விற்பனைத் தொகையை ரெடிஸில் ஆறு மணி நேரம் வைத்திருந்தோம். திருத்தம் ஏற்றியும் பழையது வந்தது. மேலாளர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். பதற்றத்தில் `FLUSHALL` அடித்துவிட்டேன். புதுத் தொகை வந்தது. கூடவே மும்பை அலுவலகம் முழுக்க எல்லாருடைய திரையிலும் லாகின் பக்கமும் வந்தது. செஷன்களையும் அதே ரெடிஸில்தான் வைத்திருக்கிறோம் என்பது அந்த நொடியில்தான் நினைவுக்கு வந்தது. பாதி பில் போட்டுக்கொண்டிருந்த கவுன்டர்காரர்களின் போன் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முழுவதும் அழிக்காதீர்கள். சாவிப் பெயரிலேயே பதிப்பு எண்ணை வையுங்கள்: `sales:v7:andheri` என்பதுபோல. கணக்கு முறை மாறும்போது v8 ஆக்குங்கள். பழையது யாரும் தொடாமல் கிடந்து, நேரம் முடிந்ததும் தானாகப் போய்விடும். அழித்தே ஆகவேண்டும் என்றால் அந்தச் சாவியை மட்டும் `DEL` செய்யுங்கள். காலை பத்து மணிக்குச் செய்யாதீர்கள்; எல்லாருடைய கேள்வியும் ஒரே சமயத்தில் டேட்டாபேஸுக்கு ஓடும், அது படுத்துவிடும். அப்புறம், புகார் வந்தால் முதலில் பயனரை மறைநிலைச் சாளரத்தில் திறக்கச் சொல்லுங்கள். அங்கேயும் பழைய தொகை என்றால் பெரும்பாலும் பிரவுசர் இல்லை, உங்கள் பக்கம். அங்கே புதியது வந்தால் அவருடைய பிரவுசர். இதைக் கேட்காமல் Ctrl+F5 சொல்வது, ஜுரமா என்று பார்க்காமல் மாத்திரை கொடுப்பது மாதிரி.

ஆர்.கே.புரம்

மறைநிலையில் புதியது வந்தாலும் பிரவுசர் என்று முடிவுகட்ட முடியாது. அங்கே லாகின் இல்லாமல் போனால், பயனர் வாரியாகச் சேமித்த பழைய தொகை கண்ணிலேயே படாது.

தாராவி டு அந்தேரி

அங்கேயும் லாகின் செய்யச் சொல்ல வேண்டியதுதான். அதையும் எழுதவேண்டுமா?

வைட்ஃபீல்டு வாசி

எனக்கு இன்னும் ஒரு சிக்கல் மிச்சம். முகவரி மாற்றிய எட்டாவது நாள், ஓசூர் கிளையிலிருந்து ஒருவர் 4,12,600 என்று படம் அனுப்பினார். பிரவுசராக இருந்தால் ஒரு நாளில் போயிருக்க வேண்டும். சர்வர் பதிவில் அவர் பெயரில் அன்றைக்கு ஒரு அழைப்பும் இல்லை. தாவலை மூடாமலே, கணினியைத் தூங்கவைத்துத் தூங்கவைத்து ஓட்டுகிறாரோ என்று சந்தேகம். கேட்டேன், "தினமும் மூடிடுவேன் சார்" என்கிறார். மானிட்டரைச் சொல்கிறாரா, தாவலைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. நாளைக்கு அவரை வீடியோவில் கூப்பிட்டிருக்கிறேன்.