45 லட்சம் என்று எழுதியிருந்தான், கையில் வந்தது 2 லட்சம்

கும்பகோணத்திலிருந்து, அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர்:

முதலீடு கேட்டுப் போய் வந்த அனுபவத்தை எல்லாரும் எழுதுகிறீர்கள், நான் கேட்கப் போனவள் இல்லை, கேட்கப் போனவனுக்குப் பேச்சைத் திருத்திக் கொடுத்தவள். என் அக்கா மகன் மூன்று சிநேகிதர்களோடு சேர்ந்து நெல் காயவைக்கிற மிஷின் ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு களம் களமாகப் போய் வாடகைக்கு ஓட்டுகிறான். போன குறுவையில்தான் ஆரம்பித்தார்கள். மன்னார்குடிப் பக்கம் இரண்டு ஆலைக்காரர்களும் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய டாக்டர் ஒருவரும் பணம் போடத் தயார் என்று தெரிந்ததும், 22 ஸ்லைடு போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சித்தி, இதைத் தமிழ்ல மாத்திக் குடு, அவங்க தமிழ்லதான் பேசுவாங்க" என்றான்.

முதல் ஸ்லைடே "அறுவடைக்குப் பிந்தைய மதிப்புச் சங்கிலியை டிஸ்ரப்ட் செய்யும் எண்ட்-டு-எண்ட் பிளாட்ஃபார்ம்". மிஷின் என்ற சொல் ஏழாவது ஸ்லைடில்தான் வருகிறது. நான் மாற்றவில்லை. லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, போனில் ரெக்கார்டைப் போட்டு, எங்கள் ஆலை மேஸ்திரி எதிரே உட்காரவைத்து, இவருக்குச் சொல்லு என்றேன். மேஸ்திரி நல்ல மனிதர், ஆனால் புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்ட மாட்டார்.

பதினோரு நிமிஷம் பேசினான். அதைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். எங்கெல்லாம் சரளமாகப் பேசினானோ அங்கே அவன் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறான்: மழையில் ரோட்டோரம் தார்ப்பாய்க்கடியில் முளைவிட்ட மூட்டை, கொள்முதல் நிலையத்தில் மீட்டரை வைத்துப் பார்த்து ஈரம் 22 சதவீதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. எங்கே இழுத்தானோ, எங்கே "டிராக்ஷன் நல்லா இருக்கு" என்று இங்கிலீஷுக்குத் தாவினானோ, அங்கேயெல்லாம் சொல்வதற்குக் கணக்கு இல்லை, இல்லாவிட்டால் சொல்ல விரும்பாத கணக்கு இருந்தது.

ஒன்றைச் சொல்கிறேன். ஸ்லைடில் "முதல் சீசனில் ஜிஎம்வி 45 லட்சம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. மேஸ்திரி "45 லட்சம் சம்பாதிச்சியா?" என்றார். இல்லையாம், 180 டன் நெல் அவன் மிஷினில் காய்ந்திருக்கிறது, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் வீதம் அந்த நெல்லின் விலை 45 லட்சம். நெல் விவசாயியுடையது. இவன் வாங்கியது 40 கிலோ மூட்டைக்கு 45 ரூபாய் கூலி, 4,500 மூட்டைக்கு 2,02,500. பேச்சில் அந்த இரண்டாவது எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். "அப்ப ரொம்பச் சின்னதாத் தெரியுமே சித்தி" என்றான். சின்னதாகத்தானே இருக்கிறது?

அப்புறம் மூட்டைக் கணக்கு. ஸ்லைடில் இதற்குப் பெயர் யூனிட் எகனாமிக்ஸ், ஒரு வட்டப் படம் போட்டு "பாசிட்டிவ்" என்று எழுதியிருந்தான். உட்கார்ந்து பிரித்தோம். 45 ரூபாயில் சூட்டுக்கு எரிக்கிற உமிக்கு 8, டீசலுக்கு 9, ஆள் கூலி 12, டிராக்டர் வாடகையும் ரிப்பேரும் 6. மிச்சம் மூட்டைக்கு 10 ரூபாய். சீசன் முழுவதற்கும் 45 ஆயிரம். மிஷின் விலை 9 லட்சம். இப்படியே போனால் போட்ட காசு திரும்ப 20 வருஷம். பையன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் காரணம் மார்ஜின் இல்லை, மிஷின் மொத்தம் 23 நாள்தான் ஓடியிருக்கிறது. ஒரு தடவைக்கு 4 டன், நாளைக்கு இரண்டு தடவை. வருஷத்துக்கு 60 நாள் ஓடினால் 12,000 மூட்டை, 1,20,000 ரூபாய், ஏழரை வருஷம். ஆகவே அவன் தொழிலில் உண்மையான கேள்வி "சந்தை எவ்வளவு பெரியது" இல்லை, "வருஷத்தில் மீதி நாளெல்லாம் மிஷின் என்ன செய்யும்" என்பதுதான். 22 ஸ்லைடில் அது எங்கேயும் இல்லை.

கடைசியில் அவன் பேசியது இவ்வளவுதான், அவன் வாயில் வந்த மாதிரியே எழுதுகிறேன்:

"ஐயா, குறுவை அறுக்கிற நேரத்துல மழை பிடிச்சுக்குது. நெல்லு 22 ஈரத்துல நிக்கும், நிலையத்துல 17க்கு மேல எடுக்கிறதில்ல. எங்க மிஷின் களத்துக்கே வரும், மூட்டைக்கு 45 ரூபா. போன சீசன் ஒரே மிஷின், 23 நாள், 4,500 மூட்டை ஓட்டினோம். செலவு போக மூட்டைக்கு 10 ரூபா நின்னுது. 23 நாள் பத்தாது, 60 நாளாவது ஓடணும். அதுக்கு என்ன வழின்னு ரெண்டு யோசனை இருக்கு, அதைச் சோதிச்சுப் பார்க்கத்தான் காசு கேக்கறோம்."

ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது. 50 லட்சம் என்று இருந்ததை 12 லட்சமாகக் குறைத்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்:

அருமை. நானும் இதைத்தான் பத்து வருஷமாகச் சொல்கிறேன். ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. என் மாணவர்களுக்கு யூனிட் எகனாமிக்ஸுக்கு அலகுப் பொருளியல், ரன்வேக்கு நிதி ஓடுதளம் என்று பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறேன். தமிழில் சொன்னாலே நம்பிக்கை வரும்.

கும்பகோணம்:

சார், கோபித்துக்கொள்ள வேண்டாம். நிதி ஓடுதளம் என்று சொன்னால் எங்கள் மேஸ்திரி ஏரோப்ளேன் வருமா என்று கேட்பார். ஆலைக்காரர்களே மார்ஜின், அட்வான்ஸ், டர்ன்ஓவர் என்றுதான் பேசுகிறார்கள், அந்தச் சொல்லையெல்லாம் நான் தொடவே இல்லை. "கையில இருக்கிற காசு மார்கழி வரைக்கும் தாங்கும்" என்று சொல்லிவிட்டால் ரன்வேக்கு எந்தப் பெயரும் தேவைப்படாது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி:

எனக்கும் இதே கதைதான். பேங்க் மேனேஜர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கேட்டார், ஆடிட்டரிடம் காசு கொடுத்து இங்கிலீஷில் எழுதி வாங்கினேன், 40 பக்கம். அவர் படிக்கவே இல்லை, ஜாமீனுக்கு என்ன இருக்கு என்றார். தமிழில் பேசியிருந்தால் கொடுத்திருப்பாரா?

திருவாரூர்க்காரர், இப்போது சென்னையில் முதலீட்டு வேலை:

கருவாட்டு அண்ணனுக்கு முதலில். பேங்க் கடன் வேறு, இது வேறு. பேங்க்குக்கு மாசத் தவணை வந்தால் போதும், நீங்கள் பத்து மடங்கு வளர்ந்தாலும் அதற்கு வட்டிதான். அதனால் அடமானம் பார்க்கிறது. பங்கு வாங்குகிறவர் உங்களோடு நஷ்டப்படவும் தயாராக வருகிறார், எதில் நஷ்டம் வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்து கேட்கிறார்.

அக்கா எழுதியதில் ஒரு திருத்தம். எங்கள் பக்கம் வந்தால் ஜிஎம்வி என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், நம் வழியாகப் போன சரக்கின் மொத்த விலை என்று அதற்கு ஒரு நிச்சயமான அர்த்தம் இருக்கிறது, நாங்கள் கேட்போம். ஆனால் "45 லட்சம் ரூபாய் நெல் எங்கள் வழியாகப் போனது, எங்களுக்கு வந்தது 2 லட்சம்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொல்லி இரண்டாவதை நாங்களே தோண்டி எடுக்க நேர்ந்தால் மற்ற 21 ஸ்லைடையும் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். அப்புறம், 50 லட்சத்துக்கு எத்தனை பங்கு தருவதாக எழுதியிருந்தான்?

கும்பகோணம்:

10 சதவீதம்.

திருவாரூர்க்காரர்:

அப்படியென்றால் பணம் உள்ளே வந்த பிறகு கம்பெனி மதிப்பு 5 கோடி என்று ஆகிறது. வருஷம் 45 ஆயிரம் மிச்சம் வருகிற கம்பெனி. இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தானா?

கும்பகோணம்:

ஒத்திகையில் சொல்லிப் பார்த்தான், அவனே சிரித்துவிட்டான். அதனால்தான் 12 லட்சம். எத்தனை பங்கு என்பதை அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம், அது சரியா தப்பா தெரியவில்லை.

நீடாமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி:

எல்லாம் சரிம்மா, என் பக்கம் யாரும் யோசிக்கவில்லையே. 22 ஈரத்தில் ஒரு டன் நெல்லை 17க்குக் கொண்டுவந்தால் 60 கிலோ குறைந்துவிடும். 45 ரூபாயும் கொடுத்து எடையையும் நான் ஏன் இழக்க வேண்டும்?

கும்பகோணம்:

இதைத்தான் மன்னார்குடியில் மூத்த ஆலைக்காரர் முதல் கேள்வியாகக் கேட்டார், நல்லவேளை பையன் தயாராக இருந்தான். பேப்பரை வாங்கி அங்கேயே போட்டுக் காட்டினான். ஈர மூட்டை 40 கிலோ, காய்ந்தால் ஏறக்குறைய 37.6 கிலோ. நிலையத்தில் கிலோ 25 ரூபாய் வீதம் 940. கூலி 45 போக 895. ஈரமாகவே வியாபாரியிடம் போட்டால் போன வருஷம் எங்கள் பக்கம் 850 தான் கொடுத்தார்கள். அப்போது விவசாயிக்கு மூட்டைக்கு 45 ரூபாய் மிஞ்சுகிறது. வியாபாரி 900 கொடுத்தால்? "மிஷினைக் கூப்பிட மாட்டாங்க ஐயா" என்றான். அந்த ஒரு பதிலுக்குத்தான் பெரியவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த கேள்விக்கு மாட்டிக்கொண்டான். டாக்டர் கேட்டார்: மழை வருஷத்தில் மத்திய அரசு 17ஐத் தளர்த்தி 19, 20 வரை எடுக்கச் சொல்கிறதே, அந்த வருஷம் உன் மிஷின் என்ன ஆகும்? மழை அதிகமாக இருந்தால்தான் இவனுக்கு வேலை, அதே மழைக்குத்தான் தளர்வும் வருகிறது. பழைய ஸ்லைடாக இருந்தால் "பாலிசி டெயில்விண்ட்" என்று ஏதாவது சொல்லியிருப்பான். "தெரியல சார், 20க்கு மேல இருக்கிற நெல்லு மட்டும்தான் வரும், எத்தனை மூட்டை குறையும்னு நாங்க எண்ணல" என்றான்.

திருவாரூர்க்காரர்:

எண்ணியிருக்க வேண்டும். ஒவ்வொரு லோடும் வரும்போது ஈரம் எவ்வளவு என்று நோட்டில் எழுதியிருப்பார்களே? அதை எடுத்துக் கூட்டினால் அரைமணி நேர வேலை.

கும்பகோணம்:

எழுதியிருக்கிறார்கள், பாதி நாளுக்குத்தான். டாக்டர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பெரியவர் இன்னொன்று சொன்னார், அறுப்பில்லாத நாளில் மிஷினை ஆலையில் கொண்டுவந்து நிறுத்து, நான் வேலை தருகிறேன், ஆனால் மூட்டைக்கு 45 தர மாட்டேன், 38 தான் என்று. இரண்டாவது ஆலைக்காரர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பணம் இன்னும் வரவில்லை.

தஞ்சாவூர்:

38க்கு ஓட்டினால் நஷ்டம்தானே?

கும்பகோணம்:

ஆலையில் உமி சும்மா கிடைக்கும், டிராக்டரும் அலைய வேண்டாம். 45லிருந்து 7 குறைகிறது, செலவில் உமி 8ம் டிராக்டர் வாடகையில் கொஞ்சமும் போகிறது. இடிக்கவில்லை.

நீடாமங்கலம்:

கணக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊருக்கு வந்த ஒரு மிஷினில் சூட்டை ஏற்றி அவசரமாகக் காயவைத்தார்கள், அரைத்தபோது குருணை அதிகமாகி ஆலைக்காரர் என்னைத் திட்டினார். விதை நெல்லை அதில் போட்டிருந்தால் முளைப்பே போயிருக்கும். உங்கள் பையன் எத்தனை டிகிரியில் ஓட்டுகிறான்? பேச்சில் அது இல்லையே.

கும்பகோணம்:

அண்ணே, நான் ஆலையிலேயே இருந்துகொண்டு இதைக் கேட்காமல் விட்டேன். பையனிடம் கேட்டேன், விதை நெல் எடுக்கிறதில்லை, குருணை இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை என்றான். புகார் வராததும் பார்த்ததும் ஒன்றா? வியாழக்கிழமை ஒரே களத்து நெல்லில் இரண்டு மூட்டை எடுத்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றை மிஷினிலும் காயவைத்து, எங்கள் ஆலையிலேயே தனித்தனியாக அரைக்கச் சொல்லியிருக்கிறேன். மேஸ்திரிதான் சலித்து எடை போடப் போகிறார்.