"எக்கா, இங்க வலிக்கி": அனுபவப் பகிர்வு

பாளை நர்ஸக்கா

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வீட்டுக் குழுவில் யாருக்கு என்ன வந்தாலும் செய்தி எனக்குத்தான் வரும். பெரும்பாலும் ஒரே வரிதான்: "இங்க வலிக்கி, என்ன மாத்திரை போட?" போன கார் சாகுபடி சமயத்தில் வந்த ஒரு செய்தியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் பதில் எழுதும் விதமே மாறிவிட்டது.

சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கும் சித்தி மகன். வயது 34. காலை 5 மணி தாண்டி, வயிற்றில் கை வைத்த படம் ஒன்றை அனுப்பி, "இங்க வலிக்கி" என்று எழுதியிருந்தான். நைட் டூட்டி முடிந்து நான் பார்ப்பதற்குள் குழுவில் நாலு வைத்தியம் வந்துவிட்டது. மாமா ஓமவாட்டர் குடிக்கச் சொன்னார். ஒருத்தர் வாயு என்றார். இன்னொருத்தர் தன் வீட்டு மாத்திரை அட்டையைப் படம் எடுத்தே போட்டிருந்தார். யாரும் அவனிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அசதியில் ஒரு கேஸ் மாத்திரை பெயரைப் பாதி எழுதிவிட்டேன். அப்புறம் அழித்தேன்.

"ஏல தம்பி, இங்கன்னா எங்க? தொப்புளுக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டேன். "பூரா வயிறும்" என்றான். எப்போது ஆரம்பித்தது? மூன்று மணிக்கு முழிப்புத் தட்டியதிலிருந்து. இரண்டு தடவை வாந்தி. வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. ராத்திரி சாப்பிட்டதையே பெண்டாட்டி பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அது எனக்கு இடித்தது. "ராத்திரி எங்கல படுத்த?" என்றேன். கரண்ட் போய்விட்டதால் வெளித் திண்ணையில், வெறும் பாயில்.

உடனே வீடியோவில் கூப்பிட்டேன். எழுத்தில் தெரியாதது குரலில் தெரிந்தது. நாக்கு லேசாகக் குழறியது. "எச்சி முழுங்க முடியல, தூக்கமா வருது" என்றான். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் மேலே தூக்கி உத்தரத்தைப் பார்க்கச் சொன்னேன். இமை பாதிக்கு மேல் ஏறவில்லை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். நல்ல உடம்புக்காரன் சாதாரணமாக இருபதைத் தாண்டுவான். இவன் பதினாலில் நின்றுவிட்டான். ராத்திரி ஏதாவது கடித்ததா என்று கேட்டதற்கு, "எறும்பு கடிச்ச மாதிரி ஒரு தடவ சொறிஞ்சேன்" என்றான்.

கட்டுவிரியன். பாம்பை யாரும் பார்க்கவில்லை. உடம்பு முழுக்கத் தேடியும் தடம் இல்லை. தண்ணீர் கூடக் கொடுக்காமல், நடக்கவும் விடாமல், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். கட்டவோ கீறவோ கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து பத்து குப்பி ஏற்றி, அங்கிருந்து ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் மூச்சு தளர்ந்து, வாய் வழியாகக் குழாய் போட்டு மூன்று நாள் வெண்டிலேட்டரில் இருந்தான். இப்போது நன்றாக இருக்கிறான்.

உங்களுக்கும் இப்படி ஒரு வரிச் செய்தி வந்திருந்தால் எழுதுங்கள். என்ன கேட்டீர்கள், எதைக் கேட்காமல் விட்டீர்கள் என்பதையும் சேர்த்து.

வள்ளியூர் மருந்துக்கடை

அக்கா, கடையில் தினமும் இதேதான். "வயித்து வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று காசை நீட்டுவார்கள். யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று கேட்டால், "குடுக்கதுக்கு இவ்வளவு கேள்வியா" என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

ஆனால் ஒன்று. விஷப்பாம்பு என்றால் இரண்டு புள்ளி இருக்கும், வீங்கும், ரத்தம் கசியும். இது எதுவும் இல்லையென்றால் பாம்பு இல்லை என்றுதான் நான் வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் தம்பிக்கு நடந்தது அபூர்வமாக இருக்கும்.

பாளை நர்ஸக்கா

தம்பி, நீங்கள் சொல்வது கண்ணாடி விரியனுக்குப் பொருந்தும். அது கடித்தால் வீக்கம், தாங்க முடியாத வலி, ரத்தம் உறையாமல் போவது எல்லாம் வரும். கட்டுவிரியனுக்குப் பல் சின்னது. பெரும்பாலும் ராத்திரியில், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. முதலில் வயிற்று வலி, வாந்தி. அப்புறம் இமை இறங்கும், விழுங்குவது கஷ்டமாகும், கடைசியில் மூச்சு. ரத்தம் உறைகிறதா என்று குழாயில் இருபது நிமிடம் வைத்துப் பார்க்கும் பரிசோதனை கூட இதில் சரியாகத்தான் வரும். அதைப் பார்த்து "விஷம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. தடம் இருக்கிறதா என்று கேட்பதை விட எங்கே படுத்தார்கள் என்று கேளுங்கள்.

வள்ளியூர் மருந்துக்கடை

சரிக்கா. இது தெரியாமல் இத்தனை வருடம் பேசியிருக்கிறேன்.

களக்காடு பெரியவர்

எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பிள்ளை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. விடியற்காலையில் வயிற்று வலி என்று அழுதது. ஒரு இடத்தில் காட்டினார்கள். ஊசி போட்டு, ஒன்றும் இல்லை, வாயுக் கோளாறு என்று அனுப்பினார்கள். மத்தியானம் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறது, தூங்கட்டும் என்று பாட்டி விசிறிக்கொண்டு இருந்தாள். சாயங்காலம் பிள்ளை இல்லை. மறுநாள் பாயைச் சுருட்டியபோது அடியில் கிடந்தது.

அதனால் எனக்கு இந்தக் கேள்வி கேட்பதிலேயே நம்பிக்கை இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடும். வண்டியைப் பிடித்துக் கிளம்ப வேண்டியதுதான்.

பாளை நர்ஸக்கா

ஐயா, படிக்கவே நெஞ்சு வலிக்கிறது. வயிற்று வலி என்ற எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியாது, பலருக்கு உண்மையிலேயே வாயுதான். யாரைத் தூக்க வேண்டும் என்று தெரிவதற்குத்தான் கேள்வி. நான் கேட்டு முடிக்க நாலு நிமிடம் கூட ஆகவில்லை. இமை இறங்கியதைப் பார்த்த பிறகு, ஏதாவது கடித்ததா என்ற ஒரே கேள்விதான் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் தம்பி கண் திறக்கவில்லை, விரல் அசைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் நின்று "பிழைப்பானா" என்று பேசினார்கள். அவனுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. தசைதான் ஓய்ந்திருந்தது, நினைவு அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளையும் தூங்கியிருக்காது ஐயா. கண்ணைத் திறக்க முடிந்திருக்காது.

சென்னைவாசி, ஊர் அம்பை

எனக்குப் பேச்சே பிரச்சினையாகிவிட்டது. எங்கள் அம்மா "மேல் வலிக்கு" என்று குரல் செய்தி அனுப்பினாள். என் மனைவி வேலூர்க்காரி. அவள் அதை "மேல் வயிறு வலிக்கிறது" என்று எடுத்துக்கொண்டு நெஞ்செரிச்சல் மருந்து சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் மேல் என்றால் உடம்பு. அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பு முழுக்க வலி. டெங்கு என்று நாலாம் நாள்தான் தெரிந்தது. நல்லவேளை, யாரும் வேறு வலி மாத்திரை கொடுக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் பாரசிட்டமால் தவிர மற்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

இப்போதெல்லாம் அம்மாவிடம் "ஒரு விரலால் தொட்டுக் காட்டு" என்பேன். ஒரு விரலால் காட்டுகிறாளா, உள்ளங்கையை வைத்துத் தேய்க்கிறாளா என்று பார்த்தாலே பாதி தெரிகிறது.

நர்ஸக்காவிடம் ஒரு கேள்வி. பாம்பு என்று சந்தேகம் வந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியா, நேராக ஹைகிரவுண்டா?

பாளை நர்ஸக்கா

விஷமுறிவு மருந்து இருக்கிற பக்கத்து இடத்துக்கு முதலில் போவதுதான் என் கணக்கு. தசை ஓய்ந்த பிறகு மருந்து ஏற்றினால் ஓய்ந்தது உடனே திரும்பாது, அதனால் சீக்கிரம் ஏற்ற வேண்டும். ஆனால் மூச்சு தளர ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது வெண்டிலேட்டர். போகும் வழியில் மூச்சு நின்றால் கையால் பலூனை அமுக்கி மூச்சுக் கொடுக்க ஆள் வேண்டும், அதனால்தான் சொந்த வண்டியை விட 108.

களக்காடு பெரியவர்

எங்கள் ஊரில் 108 வர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. வருகிற பாதையில் எதிர்கொண்டு போக வேண்டும். இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

ஆலங்குளம் அண்ணாச்சி

நல்ல இழை. எனக்கும் நர்ஸம்மா சொன்ன அதே இடத்தில்தான் நாலு நாளாக வலி. நான் கட்டிலில்தான் படுப்பேன், பாம்பு இல்லை. என்ன மாத்திரை போடலாம்?

பாளை நர்ஸக்கா

அண்ணாச்சி, மாத்திரை அப்புறம். வயது என்ன? நெஞ்சுக்குழியா, அதற்குக் கீழேயா? சாப்பிட்டால் வருகிறதா, நடந்தால் வருகிறதா? வரும்போது வியர்க்கிறதா? சுகர் உண்டா?

ஆலங்குளம் அண்ணாச்சி

56. நெஞ்சுக்குழி. கடை மாடிப்படி ஏறினால் அடைக்கிற மாதிரி வரும், உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். ஏப்பம் விட்டால் லேசாக இருக்கும். சுகருக்குப் பத்து வருடமாக மாத்திரை. இடது கை வலி கிடையாது, அதனால் ஹார்ட் இல்லை.

வள்ளியூர் மருந்துக்கடை

அண்ணாச்சி, ஏப்பம் விட்டால் குறைகிறது என்பதை வைத்து வாயு என்று முடிவு செய்யாதீர்கள். நானும் முன்னால் அப்படித்தான் கேஸ் மருந்து கொடுத்து அனுப்புவேன்.

பாளை நர்ஸக்கா

படி ஏறினால் வந்து, உட்கார்ந்தால் போகிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சுகர்காரர்களுக்குக் கை வலி வராமலேயே இருக்கலாம். இன்றைக்கே ஈசிஜி எடுங்கள். வலி இல்லாத நேரத்தில் எடுத்தால் அது சரியாகவே வரலாம், அதனால் "படி ஏறினால் வருகிறது" என்ற அந்த வார்த்தையை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். கடைசியாக எப்போது வந்தது?

ஆலங்குளம் அண்ணாச்சி

இப்போது லேசாக இருக்கிறது. காலையில் இருந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. மகன் தென்காசி போயிருக்கிறான், சாயங்காலம் வந்ததும் போகிறேன்.

பாளை நர்ஸக்கா

உட்கார்ந்திருக்கும்போதே இருந்தால் சாயங்காலம் வரை இருக்கக் கூடாது. மகனுக்குக் காத்திருக்காதீர்கள், பைக்கை எடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்துக் கடைக்காரரை உங்களோடு உட்காரச் சொல்லுங்கள்.

சென்னைவாசி, ஊர் அம்பை

அண்ணாச்சி, கூப்பிட்டாச்சா?

வள்ளியூர் மருந்துக்கடை

ஆலங்குளத்தில் எனக்குத் தெரிந்த கடை இருக்கிறது. உங்கள் கடை எந்தப் பக்கம் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள், ஆள் அனுப்பச் சொல்கிறேன்.

பாளை நர்ஸக்கா

அண்ணாச்சி?