40 ட்ரேட், 28 வெற்றி, ஆனால் கணக்கில் காசு கூடவில்லை

பரந்தன்_கொப்பி:
கொழும்புப் பங்குச் சந்தையில் 40 தடவை வாங்கி விற்றதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 50,000 ரூபாய்க்கு வாங்கினேன். 28 தடவை இலாபம், மொத்தம் 84,000. 12 தடவை நட்டம், மொத்தம் 42,000. மொத்த இலாபத்தை மொத்த நட்டத்தால் பிரித்தால், அதாவது புரொஃபிட் ஃபக்டர், 2 வருகிறது. இது நல்ல பதிவா? காலபோக நெல் விற்ற காசையும் இதில் போடலாமா?

மல்லாவி77:
தம்பி, நல்ல பதிவு. 10க்கு 7 வெல்லுறீர், போன ஒரு ரூபாய்க்கு 2 ரூபாய் திரும்பி வருகுது. இதற்கு மேல் என்ன வேணும்? 1.5 வந்தாலே தாராளம் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லுவார்கள். போடும்.

முள்ளியவளை_வெயில்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சராசரி இலாபம் 3,000, சராசரி நட்டம் 3,500. வெல்லும்போது கிடைப்பதை விடத் தோற்கும்போது போவது கூட. இப்படி விளையாடுகிறவன் என்றைக்காவது கவிழ்வான். இலாபம் நட்டத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேணும், இல்லையென்றால் அது பதிவே இல்லை.

நெடுங்கேணி_உழுந்து:
நானும் வியாபாரம்தான். உழுந்து வாங்கி வவுனியாவுக்கு ஏற்றுகிறேன். எனக்கு விளங்காத ஒன்று: கடையில் விற்காமல் கிடக்கிற சரக்கை எந்தப் பக்கத்தில் எழுதினீர்? நான் விற்றதை மட்டும் பார்த்தால் எனக்கும் நல்ல இலாபம்தான். பின் அறையில் பூஞ்சணம் பிடித்த எட்டு மூட்டையைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

மல்லாவி77:
அண்ணை, இது பங்குச் சந்தை. பங்கு பூஞ்சணம் பிடிக்காது.

வவுனியா_பேரேடு:
உழுந்து அண்ணை தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் முள்ளியவளைக்கு. சராசரி இலாபத்தைச் சராசரி நட்டத்தோடு மட்டும் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. எத்தனை தடவை வென்றார் என்பதும் கூடவே வர வேண்டும். 3,000க்கும் 3,500க்கும் நடுவில் முதல் தேறுவதற்கு 100க்கு 54 தடவை வென்றால் போதும்: 3,500ஐ 6,500ஆல் பிரித்துப் பாருங்கள். தம்பி 70 தடவை வெல்கிறார். ஆகவே நட்டம் பெரிது என்பதால் மட்டும் இந்தப் பதிவு கெட்டது ஆகாது. இரண்டு மடங்கு இலாபம் தேவை என்பது 10க்கு 4 தடவை வெல்கிறவருக்குப் பொருந்தும்.

இனித் தம்பியிடம் ஒரு கேள்வி. அந்த 84,000, 42,000 எல்லாம் விற்ற விலையில் வாங்கின விலையைக் கழித்ததா, தரகர் கழிவு போனதன் பிறகா?

பரந்தன்_கொப்பி:
விலை வித்தியாசம்தான் அக்கா. கழிவை எழுதவில்லை. ஒரு வீதம் சொச்சம்தானே என்று விட்டுவிட்டேன்.

வவுனியா_பேரேடு:
அந்தச் சொச்சத்தில்தான் எல்லாம் கிடக்கிறது. தரகர் கூலி, சந்தைக் கட்டணம், ஆணைக்குழுக் கட்டணம், பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து 1.12 வீதம். வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது ஒரு தடவை. 100 ரூபாய்க்கு வாங்கின பங்கை 102 ரூபாய் 27 சதத்துக்கு விற்றால்தான் முதல் தேறும். உங்கள் 50,000க்கு ஒரு சுற்றுக்கு 1,120 ரூபாய் போகிறது (விற்ற விலையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்). 40 சுற்றுக்கு 44,800. நீங்கள் இலாபம் என்று எழுதி வைத்திருப்பது 42,000.

பரந்தன்_கொப்பி:
அப்ப நான் 2,800 நட்டத்திலா இருக்கிறேன்? கணக்கில் காசு கூடவில்லையே என்று யோசித்தது சரிதான் போல.

மல்லாவி77:
சரி, கழிவை நான் பார்க்கவில்லை. ஆனாலும் 2,800 பெரிய காசு இல்லை. முறை நல்லது, கழிவு மட்டும்தான் பிரச்சினை. மொத்தத்தில் 44,800ஐக் கழித்துவிட்டு அப்படியே தொடரலாம்.

வவுனியா_பேரேடு:
மொத்தத்தில் கழித்தால் நிகரம் சரியாக வரும், மற்ற எண்கள் பிழைக்கும். கழிவை ஒவ்வொரு வரியிலும் கழிக்க வேண்டும். தம்பி, 1,120க்குக் குறைவான இலாபம் எத்தனை தடவை?

பரந்தன்_கொப்பி:
6 தடவை. ஆறும் சேர்த்து 4,200. மற்ற 22 தடவையும் 1,120க்கு மேலே.

வவுனியா_பேரேடு:
அந்த ஆறும் வெற்றி இல்லை. 4,200 வந்தது, 6,720 கழிவாகப் போனது. ஆறும் நட்டப் பக்கத்துக்கு வர வேண்டும். இப்போது 22 வெற்றி, 18 தோல்வி. வெற்றிப் பக்கம் 55,160, நட்டப் பக்கம் 57,960. புரொஃபிட் ஃபக்டர் 0.95. 70 வீதம் என்றது 55 வீதமாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சராசரி நட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: 57,960ஐ 18ஆல் பிரித்தால் 3,220. முன்பு 3,500. ஒரு தடவை கூடக் கெட்டித்தனமாக வெளியே வரவில்லை, சராசரி நட்டம் மட்டும் குறைந்துவிட்டது. சின்னச் சின்ன நட்டங்கள் ஆறு உள்ளே வந்து சராசரியை இழுத்துவிட்டன. "என் சராசரி நட்டம் குறைந்திருக்கிறது" என்று ஒருவர் பெருமைப்பட்டால், நான் முதலில் கேட்பது நட்டங்களின் எண்ணிக்கை கூடியதா என்பதைத்தான்.

கொப்பியை விட்டுக் கணினி விரிதாளில் போடுங்கள். C பங்குகளின் எண்ணிக்கை, D வாங்கின விலை, E விற்ற விலை. F நிரலில் 2ஆம் வரியிலிருந்து கீழே இழுங்கள்:

```
=(E2-D2)*C2-0.0112*(E2+D2)*C2
```

பிறகு புரொஃபிட் ஃபக்டருக்கு ஒரு வெற்றுக் கட்டத்தில்:

```
=SUMIF(F2:F41,">0")/ABS(SUMIF(F2:F41,"<0"))
```

முள்ளியவளை_வெயில்:
சராசரி என்ற சாமானே ஏமாற்று. தம்பி, உம்முடைய ஆகப்பெரிய இலாபம் எவ்வளவு? எப்போது?

பரந்தன்_கொப்பி:
ஒன்றில் 18,000 வந்தது. 2024 கடைசியில், ஒரு வங்கிப் பங்கு.

முள்ளியவளை_வெயில்:
அதைத்தான் எதிர்பார்த்தேன். அந்த நேரம் சந்தை முழுக்க ஏறியது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கினவனும் வென்றான். கழிவு போக அது 16,880. அதை எடுத்துவிட்டால் வெற்றிப் பக்கம் 38,280. பேரேடு அக்காவின் 0.95 அப்போது 0.66. ஒரேயொரு பங்குதான் இவ்வளவு நாளும் தாங்கியிருக்கிறது.

மல்லாவி77:
இது நியாயமா? நல்லதை எடுத்தால் கெட்டதையும் எடுக்க வேணும். ஆகப்பெரிய நட்டத்தையும் கழிச்சுப் போட்டுக் கதையுங்கோ.

பரந்தன்_கொப்பி:
ஆகப்பெரிய நட்டம் 9,000, கழிவோடு 10,120. இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். 38,280க்கு 47,840. அதாவது 0.80.

வவுனியா_பேரேடு:
மல்லாவி கேட்டது நியாயமான கேள்வி. பெரியதை மட்டும் எடுத்துவிட்டு எந்தப் பதிவையும் கெட்டதாகக் காட்டலாம். நான் அந்தச் சோதனையைத் தீர்ப்பாக எடுப்பதில்லை. 22 வெற்றியில் ஒன்று மட்டும் 55,160இல் 30 வீதத்துக்கு மேல் கொண்டுவந்திருக்கிறது என்பதைக் காட்டத்தான் அது. சில முறைகள் அப்படித்தான் வேலை செய்யும், பல சின்ன நட்டமும் எப்போதாவது ஒரு பெரிய இலாபமும். ஆனால் தம்பியின் முறை அது இல்லை. அடிக்கடி சின்ன இலாபத்தோடு வெளியே வருகிறார். அந்த முறையில் 18,000 திரும்ப வரும் என்று நம்ப இடமில்லை. 40 தடவையும் கொஞ்சம்தான், இன்னும் நாலு பெரிய நட்டமோ இலாபமோ வந்தால் எண் புரண்டுவிடும்.

அப்புறம் உழுந்து அண்ணையின் கேள்வி. தம்பி, விற்காமல் வைத்திருப்பது ஏதும் உண்டா?

பரந்தன்_கொப்பி:
மூன்று பங்கு. இறங்கிப் போனதால் விற்கவில்லை. இன்றைய விலைக்கு விற்றால் கழிவோடு 26,000 நட்டம். அவற்றை 40க்குள் சேர்க்கவில்லை.

நெடுங்கேணி_உழுந்து:
பூஞ்சணம்!

மல்லாவி77:
விற்காத வரைக்கும் நட்டம் இல்லை. நல்ல கம்பனி என்றால் ஒரு நாள் திரும்பி வரும். என்னிடமே ஒன்று இரண்டு வருசம் கிடந்து பிறகு இரட்டிப்பு விலைக்குப் போனது. விற்றிருந்தால் இன்றைக்கும் அழுதுகொண்டிருப்பேன்.

வவுனியா_பேரேடு:
திரும்பி வரலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இலாபம் வந்ததும் விற்று, நட்டம் வந்ததை வைத்திருந்தால், வெற்றி மட்டும் பதிவுக்குள் வரும், தோல்வி வெளியிலேயே நிற்கும். அப்படி வைத்திருந்தால் யாருக்கும் 70 வீதம் வரும், எனக்கும் வரும். அந்த மூன்றையும் இன்றைய விலையில் மூன்று வரியாக எழுதுங்கள். நட்டப் பக்கம் 83,960 ஆகும், எண் 0.66க்கு இறங்கும்.

முள்ளியவளை_வெயில்:
நான் வேறு வழியில் அதே 0.66க்கு வந்தேன். எங்கே சுற்றினாலும் அதே குளக்கட்டு.

மல்லாவி77:
நாளைக்கு மூன்றும் ஏறினால் அக்கா என்ன சொல்லுவீர்கள்?

வவுனியா_பேரேடு:
ஏறின விலையை அதே மூன்று வரியில் எழுதச் சொல்வேன்.

மல்லாவி77:
அப்ப ஒவ்வொரு மாதமும் பதிவு மாறிக்கொண்டே இருக்கும். அப்படி மாறுகிற எண்ணை வைத்து எப்படி முடிவெடுக்கிறது? முடிந்ததைத்தான் பதிவு என்று சொல்லலாம். இதில் நான் மாறமாட்டேன்.

வவுனியா_பேரேடு:
இரண்டு எண்ணாக எழுதலாம், முடிந்தது தனி, திறந்து கிடப்பது சேர்ந்தது தனி. இரண்டுக்கும் இடைவெளி மாதாமாதம் கூடிக்கொண்டு போனால் தம்பிக்கே விளங்கும். பங்கிலாபம் வந்திருந்தால் அதையும் எழுத வேண்டும், ஆனால் வெற்றிப் பக்கத்திலா, அந்தப் பங்கின் விலையோடு சேர்த்தா என்பதில் எனக்கும் என்னோடு வேலை செய்கிறவருக்கும் இன்னும் சண்டை.

பரந்தன்_கொப்பி:
விரிதாளில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு வரியிலும் சரியான கழிவைப் போட, முடிந்த 40க்கும் 0.94 வருகிறது, நிகர நட்டம் 3,270. மூன்றையும் இன்றைய விலையில் கீழே எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் நெல்லுக் காசைக் கேட்கவில்லை. 1,000 ரூபாய் இலாபத்துக்கு விற்பதையும் நிறுத்திவிட்டேன், 1,120 கொடுத்து 1,000 வாங்கியிருக்கிறேன் என்று பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

நெடுங்கேணி_உழுந்து:
தம்பி, அந்த விரிதாளை எனக்கும் அனுப்பும். இரவு என் கொப்பியைப் பிரித்துப் பார்த்தேன். லொறிக் கூலி ஒரு பக்கத்திலும் இல்லை.