கலைச்சொல்: ரியல் யீல்டு, நாமினல் யீல்டு

கலா:
நண்பர்களே, அரசுக் கடன் பத்திரங்கள் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். விலைவாசியோடு அசலும் ஏறும் வகைக்கு 'பணவீக்க இணைப்புப் பத்திரம்' என்று வைத்துவிட்டேன். இடிப்பது ரியல் யீல்டும் நாமினல் யீல்டும்தான். பாடநூல் வழியில் 'உண்மை ஈட்டம்', 'பெயரளவு ஈட்டம்' என்றால், இரண்டாவது ஏதோ ஒப்புக்குக் கொடுப்பது போலத் தொனிக்கிறது. சாதாரணப் பத்திரம் ஒன்றின் 7.16 சதவீத வட்டி கைக்கு வரும் பணமாயிற்றே, அதைப் பெயரளவு என்பதா?

முருகேசன்:
'விலைவாசி கழித்த ஈட்டம்' என்று வையுங்கள் அம்மா. 7.16இல் விலைவாசி ஏற்றம் 5 போனால் மிச்சம் 2.16. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். இணைப்புப் பத்திரத்தில் அந்தக் கவலையும் கிடையாது, நட்டமே வராது.

ஜெயபால்:
அப்பா 2013 டிசம்பரில் வங்கியில் இந்தப் பத்திரம் வாங்கினார். விலைவாசி உயர்வுக்கு மேல் ஒன்றரை சதவீதம் என்றார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரவே இல்லை. இதற்கு என்ன பெயர் வைத்தாலும், மாதச் செலவுக்கு உதவாது என்பதையும் எழுதுங்கள்.

சிவகாமி:
ஜெயபால், உங்கள் அப்பா வாங்கியது சேமிப்புப் பத்திரம். அதில் வட்டி அசலோடு சேர்ந்து வளர்ந்து முதிர்வில்தான் கிடைக்கும். கலா கேட்பது சந்தையில் விற்று வாங்கும் வகை.

முருகேசன் ஐயா, 2013 ஜூனில் ரிசர்வ் வங்கி ஏலம் விட்ட 10 ஆண்டுப் பத்திரத்தையே எடுப்போம். கூப்பன் 1.44 சதவீதம், இணைத்தது மொத்த விலைக் குறியீட்டோடு. ஒரு லட்சம் போட்டிருந்து, குறியீடு ஓராண்டில் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைப்போம். அசல் 1,05,000 ஆகும். வட்டி அந்த ஏறிய அசலுக்கு, அதாவது 1,512. அரையாண்டுத் தவணையை விட்டுவிடுகிறேன். மொத்தம் 1,06,512. அதை 1.05ஆல் வகுத்தால் 1,01,440. குறியீடு 8 ஏறினாலும் இதே 1.44தான் நிற்கும்.

அதே சமயத்தில் வெளியான 7.16 சதவீதச் சாதாரணப் பத்திரத்தில், 5 ஏறினால் 1,07,160ஐ 1.05ஆல் வகுக்க வேண்டும்: 2.06, நீங்கள் சொன்ன 2.16 அல்ல. 8 ஏறினால் முக்கால் சதவீதத்துக்கு மேல் நட்டம்.

ஆக சாதாரணப் பத்திரத்தில் ரூபாய்க் கணக்கு முன்பே தெரியும், வாங்கும் சக்தி பிறகுதான் தெரியும். இணைப்புப் பத்திரத்தில் அப்படியே தலைகீழ். அங்கே யாரும் எதையும் கழிப்பதில்லை; 1.44ஐ முதலில் பேசி முடித்துவிட்டு, விலையேற்றத்தைப் பிறகு சேர்க்கிறார்கள். 'கழித்த' என்ற சொல் பாதிக்குத்தான் பொருந்தும். என் பரிந்துரை 'வாங்குதிறன் ஈட்டம்', 'பணக்கணக்கு ஈட்டம்'.

நட்டமே வராது என்பதும் முதிர்வு வரை வைத்திருந்தால்தான். அமெரிக்காவில் 2022 ஜூனில் விலையேற்றம் 9.1 சதவீதம், அந்த ஆண்டு இணைப்புப் பத்திரங்களின் சந்தை விலை சரிந்தது. சந்தை கேட்கும் ரியல் யீல்டு எதிர்மறையிலிருந்து ஒன்றரைக்கு மேல் போனதே காரணம். அது ஒரு சதவீதம் ஏறினால் 10 ஆண்டுப் பத்திரத்தின் விலை ஏறக்குறைய 9 சதவீதம் விழும். அசல் ஏற்றத்தையும் அது விழுங்கிவிடும்.

தர்ஷினி (யாழ்ப்பாணம்):
இங்கே பத்திரத்தை முறி என்போம், யீல்டை விளைவு வீதம் என்போம். 'ஈட்டம்' எங்கள் ஆட்களுக்குப் புதிது. 'வாங்குதிறன் விளைவு வீதம்' என்றால் நான் எழுதுவேன். 'பணக்கணக்கு' நன்றாக இருக்கிறது.

முருகேசன்:
வகுத்தல் விஷயம் சரி. ஆனால் 'வாங்குதிறன்' பற்றி ஒரு கேள்வி. 2015இல் மொத்த விலைக் குறியீட்டின் ஆண்டு ஏற்றம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது, அதே வேளையில் கடை விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. அந்த 1.44 பத்திரம் வைத்திருந்தவரின் அசல் கணக்கு இறங்கியது, அரிசி பருப்பு விலை இறங்கவில்லை. அவர் யாருடைய வாங்குதிறனை ஈட்டினார்?

சிவகாமி:
நியாயமான கேள்வி. முதிர்வில் முகமதிப்புக்குக் குறையாமல் கொடுப்பார்கள், ஆனால் நடுவில் வந்த வட்டி இறங்கிய அசலுக்குத்தான். மொத்த விலைக் குறியீட்டில் எரிபொருளும் உலோகமும் கனம் அதிகம். வீட்டு வாடகை அதில் கிடையாது. 2013 டிசம்பர் சேமிப்புப் பத்திரத்தை நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்ததும் அதனால்தான். அதனால் சொல்லுக்கு முன்னால் குறியீட்டின் பெயரையும் போட வேண்டும் என்பேன்: 'மொத்த விலை வாங்குதிறன் ஈட்டம்'. நீளம்தான், ஆனால் ஏமாற்றாது.

கலா:
அவ்வளவு நீளம் அட்டவணைத் தலைப்பில் நிற்காது. கட்டுரையில் 'வாங்குதிறன் ஈட்டம்', 'பணக்கணக்கு ஈட்டம்' என்று போட்டு, முதல் முறை வரும்போது குறியீட்டைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை வாசகருக்காக 'விளைவு வீதம்' என்பதையும் ஒருமுறை தருவேன். அப்புறம், இரண்டு பத்திரமும் சமமாகும் விலையேற்றம் இருக்கிறதே, மேலே உள்ள கணக்கில் 5.64 வருகிறது, அதற்கு என்ன சொல்வது? 'சமன் பணவீக்கம்' போதுமா?