பெயின்டிங்தான் தடையா, வெல்டிங்கா? உதவி தேவை

எங்கள் லைனில் கட்டிங், டிரில்லிங், வெல்டிங், பெயின்டிங், பேக்கிங் என்று வரிசை. காகிதத்தில் பார்த்தால் வெல்டிங்தான் மெதுவானது, மணிக்கு 45 பீஸ், பெயின்டிங் 50. அதனால் எல்லாரும் வெல்டிங்குக்கு இன்னொரு ஆள் கேட்கிறார்கள். ஆனால் 8 மணி நேர ஷிப்டில் வெளியே வருவது சுமார் 310தான், வெல்டிங் மட்டுமே தடை என்றால் 360 வந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் பக்கத்தில் நின்று எழுதிப் பார்த்தேன். பெயின்டிங்கில் கலர் மாற்ற 20 நிமிடம், ஷிப்டுக்கு மூன்று தடவை, ஆக ஓடுவது 7 மணி நேரம், 350 பீஸ். அதிலும் பத்தில் ஒன்று திரும்ப அடிக்க வருகிறது, மிச்சம் 315. அதன் முன்னால் டிராலிகள் நிறைந்து நிற்க, வெல்டர் வைக்க இடமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் பெயின்டிங்கை அரை மணி நேரம் கூடுதலாக ஓட்டிய அன்று மொத்தம் 330 தாண்டியது. வெல்டிங்கை அப்படி ஓட்டியபோது டிராலி மட்டும்தான் கூடியது.

திரும்பி வருபவற்றில் பெரும்பாலும் வெல்டிங் தெறிப்பு ஒட்டிய பீஸ்தான், சோதனையோ பெயின்டிங்குக்குப் பிறகு நடக்கிறது. அதை முன்னால் கொண்டுவந்தால் தடையின் நேரம் வீணாகாது என்று நினைக்கிறேன், சரிதானா? அப்புறம் 350 வந்துவிட்டால் வெல்டிங்கின் 360 மிக நெருக்கம், தடை அங்கே தாவாமலிருக்க பெயின்டிங் முன்னால் எத்தனை மணி நேர இருப்பு வைக்கிறீர்கள்? கட்டிங்கில் பொருள் விடுவதைக் கட்டுப்படுத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.