பால் காய்ப்புக்கு ஆபீஸ்ல யாரைக் கூப்பிட, யாரை விட?

புதுவீட்டுக்காரி
பெருமாள்புரம் பக்கம் ரெண்டாவது மாடியில சின்ன வீடு வாங்கியிருக்கோம். ஆவணியில ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலம் பால் காய்க்கோம், அதுக்குச் சொந்தக்காரங்க மட்டும். ஆபீஸ் ஆட்களை வேற ஒரு நாள் கூப்பிடலாம்னு இருக்கேன். மொத்தம் 19 பேர். அதுல 5 பேர் ஒப்பந்தத்துல உள்ளவங்க: துப்புரவு அக்கா ரெண்டு பேர், செக்யூரிட்டி ரெண்டு பேர், ஒரு டிரைவர். எனக்கு நெருக்கம்னா 6 பேர்தான். ஹால் 11க்கு 15 அடி. ஆறு பேரை மட்டும் கூப்பிட்டா மத்தவங்களுக்கு வருத்தம், எல்லாரையும் கூப்பிட்டா தலைக்கு 300 வசூல் சுத்தும். என்ன செய்ய?

வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி
தங்கச்சி, இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? ஆபீஸ் வாட்ஸப் குரூப்புல ஒரு பத்திரிகையைப் போட்டுருங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிரும். வாரவங்க வரட்டும், வராதவங்க இருக்கட்டும். கூப்பிடலன்னு ஒருத்தரும் சொல்ல முடியாதுல்லா.

பாளை டீச்சர்
அண்ணாச்சி சொல்றதுல பாதி சரி. எல்லாரையும் கூப்பிடணும், அது சரி. ஆனா நம்ம பக்கத்துல குரூப்புல போடுறதுக்குப் பேர் அழைப்பு இல்ல, தகவல். நேர்ல ஒரு வார்த்தை சொல்லாத வீட்டுக்கு நம்ம ஆட்கள் படியேற மாட்டாங்க. ஒப்பந்தத்துல உள்ள அஞ்சு பேர் அந்த குரூப்புலயே இருக்காங்களான்னு முதல்ல பாருங்க, பல இடத்துல இருக்க மாட்டாங்க.

ஆறு பேர் கதையை என் அனுபவத்துல இருந்து சொல்றேன். எங்க ஸ்டாப் ரூம்ல 11 பேர். நான் வீடு கட்டினப்ப நாலு பேரை மட்டும் கூப்பிட்டேன், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் சொன்னேன். அதுல ஒருத்தங்க ஸ்டேட்டஸ்ல போட்டோ வச்சிட்டாங்க. திங்கக்கிழமை மத்தியானம், தினமும் எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடுற அக்கா டப்பாவைத் தூக்கிட்டுப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து சாப்பிட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. எங்களுக்குள்ள எப்பவும் மாறி மாறிப் போற துவையல் அன்னைக்கு இந்தப் பக்கம் வரல. பழையபடி பேச எட்டு மாசம் ஆச்சு.

அதுக்கப்புறம் நான் வச்சிருக்கிற கணக்கு இது. ஒருத்தரோ ரெண்டு பேரோ ஆபீஸுக்கு வெளியிலயும் குடும்பப் பழக்கம்னா அவங்களைக் காலையில சொந்தக்காரங்களோட கூப்பிடலாம், யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க. அதுக்கு மேல போனா, கோடு நீங்க கிழிச்சதா இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கிற கோடா இருக்கணும், ஒரு செக்ஷன் முழுக்க, இல்ல ஒரு மாடி முழுக்க. உங்களுக்கு 19 பேர்தான், அப்போ 19 பேரும்தான்.

அம்பை தம்பி
அக்கா, ஆவணி நல்ல மாசம்தான். ஆனா வாசக்கால் எந்தப் பக்கம் பாத்திருக்கு? எங்க சித்தப்பா வீட்டுல அதைப் பாக்காம குடிபோய் ரொம்ப சிரமப்பட்டாங்க. வாஸ்து நாள் பாத்துதானே வச்சிருக்கீங்க?

புதுவீட்டுக்காரி
நாள் எல்லாம் பெரியவங்க பாத்தாச்சு தம்பி. ஆபீஸ் ஆட்கள் விஷயம்தான் எனக்கு உறுத்துது.

டீச்சர், 19 பேர்னு சொல்லிட்டீங்க. அந்த ஹால்ல 12 பேர் உக்காந்தாலே கால் நீட்ட இடம் இருக்காது.

பாளை டீச்சர்
அதனாலதான் நேரத்தைத் திறந்து வைங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4 மணியில இருந்து 7.30 வரைக்கும் எப்ப வேணும்னாலும் வரலாம்னு சொல்லுங்க. ஒருத்தர் முக்கால் மணி நேரம் இருப்பாங்க. ஒரு நேரத்துல எட்டு, பத்து பேருக்கு மேல சேராது. நீங்களா ஆள் பிரிச்சு இவங்க 4 மணிக்கு, அவங்க 6 மணிக்குன்னு சொல்லிடாதீங்க. ஒப்பந்த ஆட்களுக்குத் தனி நேரம்னு அது அடுத்த நாளே பேச்சாயிடும். செக்யூரிட்டி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வர முடியாது, ஷிப்ட் மாறுற நேரத்தைக் கேட்டு அதுக்கு அப்புறமும் ஒரு மணி நேரம் இருக்கிற மாதிரி வைங்க. 6 மணிக்கு மாறுதுன்னா 7.30 சரியா இருக்கும்.

சாயங்காலம் வைக்கிறதுல இன்னொரு நல்லது உண்டு. ஹோமம், பூஜை எல்லாம் வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருது. மேலப்பாளையத்துல இருந்து வார முஸ்லிம் ஆட்களும் காலையில கோயிலுக்குப் போற கிறிஸ்தவங்களும் சங்கடமில்லாம வரலாம். வீட்டுக்காரர் தவறிப்போன அக்காமார் ஆபீஸ்ல இருந்தா, சுபகாரியம் நடக்கிற நேரத்துல நாம போய் நிக்கலாமான்னு அவங்களே தயங்கி ஒதுங்கிடுவாங்க. அவங்ககிட்ட முதல் ஆளாப் போய், "அக்கா, நீங்க வந்து வீட்டைப் பாக்கணும்"னு சொல்லுங்க.

அழைக்கிறது ஒரே நாள்ல முடியணும். காலையில ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு மிச்சத்தை மறுநாளைக்கு வச்சா, நடுவுல ஒரு ராத்திரி முழுக்க "உனக்குச் சொன்னாளா?"ன்னு போன் ஓடும். துப்புரவு அக்காவுக்கும் மேனேஜருக்கும் அதே வார்த்தையைச் சொல்லுங்க. நேர்ல சொன்ன பிறகு அட்ரஸை மட்டும் ஒவ்வொருத்தருக்கும் தனியா அனுப்புங்க.

ஒப்பந்தத்துல இருக்கேன்
நான் வேற ஊர் ஆபீஸ், ஆனா அந்த அஞ்சு பேர் இடத்துலதான் இருக்கேன். மாசம் 11,000 சம்பளம். போன வருஷம் ஒரு சார் வீடு குடிபோனாரு. வசூல் பண்ணுத அண்ணன் ஒரு நோட்டோட டேபிள் டேபிளா வந்தாரு. எனக்கு முன்னால 12 பேரு, 12 பேருக்கும் நேர 300னு எழுதி டிக் போட்டிருக்கு. என் பேருக்கு நேர மட்டும் காலியா இருக்கு. என்ன சொல்ல முடியும்? பிள்ளைக்கு நோட்டு வாங்க வச்சிருந்த பணத்தை எடுத்துக் குடுத்தேன். விசேஷத்துக்குப் போகல, ஏன்னா பஸ்ஸுக்கு வேற காசு வேணும். அந்த சார் நல்லவர், அவருக்கு இது எதுவுமே தெரியாது.

அதனால கேக்கேன், அன்பளிப்பு வேண்டாம்னு பத்திரிகையில போட்டா மட்டும் போதாது. அந்த நோட்டு சுத்தக் கூடாது.

பாளை டீச்சர்
தம்பி சொன்னதுதான் இதுல முக்கியமான இடம். எல்லா ஆபீஸ்லயும் வசூல் பண்ண ஒரே ஆள்தான் இருப்பார். நீங்க ஒருத்தரையும் அழைக்கிறதுக்கு முன்னாடி அவரைத் தனியாப் பாருங்க. "அண்ணே, என் பேருக்கு வசூல் வேண்டாம், நீங்க ஆரம்பிச்சா என்னால தடுக்க முடியாது, அதான் முன்கூட்டியே வந்தேன்"னு சொல்லுங்க. முதல் ஆள் 300 குடுத்துட்டா அப்புறம் நிறுத்த முடியாது, திருப்பிக் குடுக்கிறது அவமானமாப் போயிரும். நீங்க அழைச்சு ரெண்டு நாளைக்குள்ள யாராவது உங்களைப் பாத்ததும் பேச்சை நிறுத்தினா நோட்டு சுத்த ஆரம்பிச்சாச்சுன்னு புரிஞ்சுக்கோங்க.

பழைய கணக்கர்
எல்லாரும் மொய் வேண்டாம்னே சொல்லுதீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அம்மா, நீங்க இந்த ஆபீஸ்ல எத்தனை வருஷம்? அவங்க வீட்டுக் கல்யாணம், காதுகுத்துக்கு நீங்க எழுதியிருப்பீங்கல்லா? அது அவங்க வீட்டு நோட்டுல உங்க பேர்ல நிக்குது. உங்க வீட்டு விசேஷம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. இப்ப நீங்க வேண்டாம்னா, திருப்ப வழியில்லாம கடன்காரங்களாவே நிப்பாங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா "அந்தப் பிள்ளைக்கு நாம செய்யலியே"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. கொடுக்க விடாம தடுக்கதும் ஒரு வகையில நெருக்குதல்தான்.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன். நான் அரசு வேலையில இருந்தவன். 1973-ம் வருஷத்து அரசு ஊழியர் நடத்தை விதிகள்ல அன்பளிப்பு வாங்குததுக்குக் கட்டுப்பாடு உண்டு. கீழ வேலை பாக்கவன் மேல உள்ளவங்க வீட்டுக்குக் கவர் கொண்டுவாரது மொய் ஆகாது. உங்க ஆபீஸ் தனியாரா இருந்தாலும் அதை யோசிங்க. உங்களுக்குக் கீழ யாராவது வேலை பாக்காங்களா?

புதுவீட்டுக்காரி
மூணு பேர் என்கிட்டதான் லீவு கேக்காங்க. அதை நான் யோசிக்கவே இல்ல. நான் போய்க் கூப்பிட்டா அவங்களால வரலன்னு சொல்ல முடியாதுல்லா.

மொய் கணக்கும் உண்டுதான். ஆறேழு வீட்டுக்கு 501 எழுதியிருக்கேன். ஒரு அக்கா மக கல்யாணத்துக்கு 1,001.

பாளை டீச்சர்
அந்த மூணு பேர்கிட்ட ஒரே ஒரு தடவை சொல்லுங்க. "வாரீங்களா?"ன்னு கேள்வியா முடிக்காதீங்க. "அந்த நேரத்துல வீட்டுல இருப்போம், தோதுபட்டா வாங்க"ன்னு விட்டுருங்க. "பாப்போம்க்கா"ன்னு பதில் வந்தா அது நம்ம ஊர்ல மரியாதையான மறுப்பு, காரணம் கேக்காதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில நினைவூட்டி மெசேஜும் வேண்டாம். திங்கக்கிழமை ஆபீஸ்ல 19 பேருக்கும் ஒரே மாதிரி இனிப்பு குடுங்க, வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும். ஏன் வரலங்கிற பேச்சே அங்க வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி
குரூப் விஷயத்துல நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கிடுதேன். சாப்பாட்டுக்கு என்ன யோசனை தங்கச்சி? மூணரை மணி நேரம் ஆள் வந்துக்கிட்டே இருந்தா ஆறிப்போன பண்டம்தான் கடைசி ஆளுக்கு மிஞ்சும். கடைசியா வாரது அந்த செக்யூரிட்டி தம்பிதானே.

புதுவீட்டுக்காரி
இடியாப்பமும் சொதியும், கூட இஞ்சித் துவையல், கேசரி, காபி.

பாளை டீச்சர்
சொதியை மொத்தமா முடிச்சு வைக்காதீங்க. முதல் பால் ஊத்தின பிறகு திரும்பத் திரும்பச் சூடு பண்ணினா திரிஞ்சிரும். ரெண்டாம் பால், மூணாம் பால்ல காயும் பாசிப்பருப்பும் வெந்து இருக்கட்டும். பத்து பேருக்கு ஒரு தடவை தனியா எடுத்து முதல் பால் ஊத்தி, நுரை கூடுறப்ப இறக்கி, அப்புறம் எலுமிச்சம்பழம் பிழியுங்க. 7 மணிக்கு வாரவருக்கும் 4 மணிக்கு வந்தவருக்குக் கிடைச்ச அதே சொதி கிடைக்கும்.

புதுவீட்டுக்காரி
இன்னைக்கு வசூல் அண்ணனைப் பாத்துட்டேன். முதல்ல முகம் சுருங்கிச்சு, "எல்லாருக்கும் செஞ்சுருக்கோம், உங்களுக்கு மட்டும் எப்படி?"ன்னாரு. அப்புறம் சரின்னுட்டாரு. நாளைக்கு ஒரே நாள்ல 19 பேர்கிட்டயும் சொல்லப் போறேன், துப்புரவு அக்காமார்தான் முதல்ல.

1,001 வாங்கின அக்கா கவர் நீட்டினா மட்டும் என்ன செய்யன்னு தெரியல.

பழைய கணக்கர்
வாங்கிக்கோங்க. யார் கண்ணுலயும் படாம, அடுக்களையில வச்சு வாங்குங்க. நோட்டுல எழுதிருங்க.

ஒப்பந்தத்துல இருக்கேன்
வாங்குனா அது வெளிய தெரியும் அக்கா. அடுத்த ஆள் வெறுங்கையோட வர யோசிப்பாங்க.

பாளை டீச்சர்
எனக்கும் வேண்டாம்னுதான் தோணுது. ஆனா 1,001 கணக்குல பெரியவர் சொல்றதைத் தள்ளவும் முடியல. அந்த அக்கா ஞாயித்துக்கிழமை வாரதுக்கு முன்னாடியே அவங்க வீட்டுக்கு நீங்க ஒரு தடவை போயிட்டு வாங்க. குடுக்கணும்னு இருந்தா அவங்க வீட்டுல வச்சே குடுத்துருவாங்க.